காலாவதியான பிஎல்சி-களை மாற்ற நிதி கேட்கும் கடிதம்: வரைவைப் படித்துக் குறை சொல்லுங்கள்

சூளைமேடு_மேலாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாளொன்றுக்கு 2000 டன் கிளிங்கர் எடுக்கும் ஒரு சிமென்ட் ஆலையின் மேலாளராக இருக்கிறேன். எங்கள் சூளையும், ரா மில்லும் நிலக்கரி மில்லும் சேர்ந்த பகுதியும், 1996 முதல் இரண்டு ஆலன்-பிராட்லி பிஎல்சி-5 கட்டுப்படுத்திகளில் ஓடுகின்றன. சிமென்ட் மில் ஏற்கெனவே வேறு புதிய அமைப்புக்கு மாறிவிட்டது. அடுத்த மாதம் வரவுசெலவுக் கூட்டம் நடக்கிறது. நிதி இயக்குநருக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் முக்கியப் பகுதியைக் கீழே தருகிறேன். சென்ற ஆண்டு இதே கோரிக்கை "இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது இன்னும் ஓராண்டு ஓடாதா?" என்ற ஒரே கேள்வியில் திரும்பி வந்தது. ஆகவே தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா,

சூளையையும் ரா மில்லையும் இயக்கும் பிஎல்சி-5 கட்டுப்படுத்திகளின் விற்பனையை உற்பத்தியாளர் 2017 ஜூன் மாதத்துடன் நிறுத்திவிட்டார். இவை காலாவதியானவை. அடுத்த மூன்று ஆண்டுகளில் இவற்றில் ஒன்று பழுதாகி ஆலை நிற்பதற்கு 70 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. அவ்வாறு நின்றால் நாளொன்றுக்கு 16 லட்சம் ரூபாய் பங்களிப்பு இழப்பும், சூளை குளிர்வதால் எரிமண்டலச் செங்கல் சேதமாக 60 லட்சம் ரூபாயும் ஏற்படும். எனவே இரண்டு ஆண்டுகளில் இரண்டு கட்டுப்படுத்திகளையும் அவற்றின் உள்ளீடு-வெளியீட்டு ரேக்குகளையும் மாற்ற 3.2 கோடி ரூபாய் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

---

நீலக்கேபிள்

நல்ல முயற்சி ஐயா. நானும் பிஎல்சி-5 பார்த்தவன்தான். 3.2 கோடியை ஒரே மூச்சில் கேட்பதே தவறு என்பது என் கருத்து. முதலில் பிராசஸரை மட்டும் மாற்றுங்கள். புதிய கன்ட்ரோல்லாஜிக்ஸ் ரேக்கில் ரிமோட் ஐ/ஓ படிக்கும் ஒரு மாட்யூலைச் செருகி, பழைய நீலக் கேபிளை அதில் மாட்டிவிட்டால், களத்தில் ஒரு வயரைக்கூடத் தொடாமல் புதிய பிராசஸர் பழைய ரேக்குகளை ஓட்டும். ஏதேனும் தகராறு வந்தால் கேபிளைப் பழைய பிராசஸருக்கே திருப்பி மாட்டிவிடலாம். மூளை புதிதாகிவிட்டால் ஆபத்தில் முக்கால் பங்கு போய்விடும்.

---

நூற்பாலை_பராமரிப்பு

எங்கள் நூற்பாலையில் ஈரப்பத ஆலையின் கன்ட்ரோலர்களைப் போன ஆண்டு மாற்றினோம். ஆறு கன்ட்ரோலர்களையும் ஒரே நாளில் கழற்றி மாட்டி முடித்தோம், மொத்தச் செலவும் சில லட்சங்களில் அடங்கிவிட்டது. உங்களுக்கு ஏன் கோடிக்கணக்கில் ஆகிறது என்று புரியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் பேனல் அறையின் வெப்பநிலை என்ன? எங்கள் கன்ட்ரோலர்கள் செத்ததெல்லாம் ஏ.சி. ஓடாத நாட்களில்தான்.

---

சூளைமேடு_மேலாளர்

நூற்பாலை நண்பரே, நீங்கள் சொல்வது ஒரு வெப்பநிலையையோ ஈரப்பதத்தையோ பார்த்துக்கொள்ளும் தனிக் கருவி. நான் சொல்வது சுமார் ஆயிரத்து நூறு சமிக்ஞைகளையும் நூற்றுக்கணக்கான மோட்டார் இன்டர்லாக்குகளையும் கையாளும் பிஎல்சி. செலவில் பெரும்பகுதி நிரலை மாற்றி எழுதுவதற்கும் சோதிப்பதற்கும் போகிறது. ஆனால் ஏ.சி. பற்றிய கேள்வியைக் குறித்துக்கொண்டேன். பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

கருவியியல்_ஓய்வு

மேலாளர் அவர்களுக்கு, முப்பத்தோரு ஆண்டுகள் கருவியியல் துறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் பலவீனம் "காலாவதி" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ஒரு கருவியின் விற்பனை நின்றுவிட்டதால் அது மறுநாள் கூடுதலாகப் பழுதாவதில்லை. நிதி இயக்குநரின் கேள்வி நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மாறியிருப்பது பழுது வரும் வேகம் அன்று, பழுதிலிருந்து மீண்டு வர ஆகும் நேரம். 2010-இல் ஒரு மாட்யூல் எரிந்தால் ஸ்டோரிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரத்தில் மாட்டியிருப்பீர்கள், அதற்குப் பதிலாகப் புதியது ஒன்றும் சில வாரங்களில் வந்துவிட்டிருக்கும். இன்றும் அதே இரண்டு மணி நேரம்தான் ஆகும், ஆனால் ஸ்டோரில் உதிரி இருக்கும் வரை மட்டுமே. கடைசி உதிரி தீர்ந்த பிறகு வரும் பழுதுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதே உங்கள் ஆபத்து. ஆகவே "பழுதாகும் வாய்ப்பு" என்று எழுதாமல், "உதிரி தீர்ந்துபோகும் வாய்ப்பு" என்று எழுதுங்கள்.

அடுத்ததாக, அந்த 70 விழுக்காடு எங்கிருந்து வந்தது? பதிவேட்டிலிருந்து வந்த எண்ணாக இல்லாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். பிராசஸர், பவர் சப்ளை, களத்து ரேக்குகளைப் பிராசஸரோடு இணைக்கும் ரிமோட் அடாப்டர் ஆகியவற்றில் எத்தனை ஓடுகின்றன, கடந்த ஆண்டுகளில் எத்தனை செத்தன, ஸ்டோரில் எத்தனை இருக்கின்றன என்று தாருங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

---

சூளைமேடு_மேலாளர்

ஐயா, நன்றி. அந்த 70 விற்பனையாளர் ஒருவரின் விளக்கப் படத்திலிருந்து வந்தது, எங்கள் பதிவேட்டிலிருந்து வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்பது ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினேன்.

பிராசஸர் இரண்டு ஓடுகின்றன, ஒன்பது ஆண்டுகளில் ஒன்று செத்தது, ஸ்டோரில் ஒன்று உள்ளது. ரிமோட் அடாப்டர் பதினான்கு ஓடுகின்றன, அவற்றில் எட்டு சூளைப் பக்கம், ஆறு ரா மில் பக்கம். ஒன்பது ஆண்டுகளில் ஆறு செத்தன, ஸ்டோரில் இரண்டு மட்டுமே உள்ளன. பவர் சப்ளைகளில் பழுது வந்தாலும், அவற்றை உள்ளூரிலேயே பழுது பார்த்துவிடுகிறோம்.

கடைசியாக அடாப்டர் வாங்கியபோது பழைய உதிரி விற்கும் ஒருவரிடமிருந்து மூன்று வந்தன. வந்து சேர இருபத்து மூன்று நாட்கள் ஆயின, அவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை. விமானத்தில் அவசரமாக வரவழைத்தாலும் சுங்கம் உட்படப் பத்து நாட்கள் ஆகும் என்று கொள்முதல் பிரிவு சொல்கிறது.

---

கருவியியல்_ஓய்வு

இப்போது உண்மையான நிலை தெரிகிறது. பிராசஸரை முதலில் எடுத்துக்கொள்வோம். பதினெட்டு பிராசஸர்-ஆண்டுகளில் ஒரு பழுது என்றால், அடுத்த மூன்று ஆண்டுகளில், அதாவது ஆறு பிராசஸர்-ஆண்டுகளில், எதிர்பார்க்கும் பழுது மூன்றில் ஒன்று. கையில் ஒரு உதிரி இருப்பதால் இரண்டு பழுது வந்தால்தான் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கான வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

அடாப்டரின் கதை வேறு. மூன்று ஆண்டுகளில் எதிர்பார்க்கும் பழுது இரண்டு. கையிலும் இரண்டு உள்ளன. மூன்றாவது பழுதும் வந்துவிடுவதற்கான வாய்ப்பு:

```
1 - e^(-2) × (1 + 2 + 2²/2) = 0.32
```

அதாவது, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நீலக்கேபிள் நண்பர் சொன்ன வழி தொழில்நுட்ப அளவில் சரியானது, திரும்பி வரும் பாதை இருப்பதும் பெரிய வசதி, அதை நானே செய்திருக்கிறேன். ஆனால் அவர் மாற்றச் சொல்வது 5 விழுக்காடு ஆபத்துள்ள பொருளை. 32 விழுக்காடு ஆபத்துள்ள பதினான்கு அடாப்டர்களும் அப்படியே பழைய ரேக்கில் இருக்கும். பெட்டியிலேயே பெரிய விலையுள்ள பொருளைத்தான் எல்லோரும் கவலையோடு பார்க்கிறோம், ஆனால் ஆலை நிற்பது சிறிய பொருளால்.

---

நீலக்கேபிள்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா, அடாப்டர் எண்ணிக்கையை நான் யோசிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்பது ஆண்டுகளையும் சமமாகப் பிரித்துவிட்டீர்கள். கருவிகள் முதுமையடைகின்றன. மின்தேக்கிகள் உலர்ந்துபோகின்றன. மேலாளர் அவர்களே, அந்த ஆறு பழுதும் எந்தெந்த ஆண்டில் வந்தன?

---

சூளைமேடு_மேலாளர்

முதல் ஆறு ஆண்டுகளில் இரண்டு, கடைசி மூன்று ஆண்டுகளில் நான்கு. அதே வேகம் தொடரும் என்று வைத்து மூத்தவரின் சூத்திரத்தில் இரண்டுக்குப் பதில் நான்கைப் போட்டேன். 76 விழுக்காடு வருகிறது. விற்பனையாளரின் 70 பொய்யில்லை போலிருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு நூற்பாலை நண்பரின் கேள்வி நினைவுக்கு வந்து ஏ.சி. பதிவேட்டை எடுத்தேன். அந்த நான்கில் இரண்டு ஒரே மே மாதத்தில், ஒரே வாரத்தில் வந்தவை. அந்த வாரம் சூளைப் பேனல் அறையின் ஏ.சி. கம்ப்ரசர் கழற்றப்பட்டிருந்தது. கதவைத் திறந்துவைத்து இரண்டு பெடஸ்டல் விசிறிகளை ஓட்டியிருக்கிறார்கள். அதனால் ரேக்குகள் முழுவதும் கிளிங்கர் தூசி படிந்திருந்தது என்று ஷிப்ட் பொறியாளர் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். இதை முதுமை என்பதா, அறை வெப்பம் என்பதா?

---

கருவியியல்_ஓய்வு

ஆறே ஆறு பழுதை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. 32-க்கும் 76-க்கும் இடையில் என்று இரண்டு எண்களையும் கடிதத்தில் எழுதி, இடைவெளி ஏன் என்பதையும் எழுதுங்கள். ஒரே எண்ணைச் சொல்லி, அதைக் கூட்டத்தில் ஒருவர் உடைத்துவிட்டால், கடிதத்தில் இருக்கும் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பேனல் அறைக்கு இரண்டாவது ஏ.சி. போடுவதை இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

---

எரிமண்டலம்

செயல்முறைப் பொறியாளர் என்ற முறையில் அந்த 60 லட்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஎல்சி நின்றவுடன் பர்னர் அணையும், பிரதான இயக்கி நிற்கும். அதன்பின் துணை இயக்கியை உள்ளூர் பேனலிலிருந்து கையால் ஓட்டி, சூளையை இடைவிட்டுச் சுழற்றிக்கொண்டே மெதுவாகக் குளிரவிட்டால், செங்கல் பெரும்பாலும் தப்பிவிடும். சுழற்றாமல் விட்டால்தான் ஓடு வளையும். அந்த நேரத்தில் மழையும் பெய்தால் இன்னும் மோசம், சூடான ஓட்டின் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்து சுருங்கும். எனவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 60 லட்சத்தைக் கூட்டுவது நிற்காது. உங்கள் துணை இயக்கியின் டீசல் இன்ஜின் பிஎல்சி இல்லாமல் ஓடுகிறதா என்று ஒருமுறை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஆலையில் அது ஓடவில்லை. யாரோ ஒருவர் அதன் பிரேக் இன்டர்லாக்கை பிஎல்சி வழியாகக் கொண்டுபோயிருந்தார். அந்தக் கிளட்ச்சருகே டார்ச் வெளிச்சத்தில் நின்ற இரவை நான் மறக்கவில்லை.

ரா மில்லில் இருந்து ஓர் அடாப்டரைக் கழற்றிச் சூளைக்கு மாட்டலாமே என்றும் கூட்டத்தில் கேட்பார்கள். பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

சூளைமேடு_மேலாளர்

ரா மீல் சைலோவில் ஒன்றரை நாளைக்குத்தான் மாவு இருக்கும். அது தீர்ந்ததும் சூளையும் நின்றுவிடும். டீசல் இன்ஜினை நேற்று ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. செங்கல் இழப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

---

கணக்கு_அம்மாள்

வணக்கம் ஐயா. மூலதனக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

பத்து நாள் நிறுத்தம் என்றால் 1.6 கோடி. அதை 32 விழுக்காட்டால் பெருக்கினால் 51 லட்சம், 76-ஆல் பெருக்கினால் சுமார் 1.2 கோடி. இரண்டுமே 3.2 கோடியைவிடக் குறைவு. இந்தக் கணக்கை நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன். அதற்கு முன், அந்த 16 லட்சமும் உண்மையான இழப்புதானா? உங்கள் சூளை ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடுகிறதா? மழைக்காலத்தில் தேவை குறைந்து சூளையைச் சும்மா நிறுத்தி வைக்கும் ஆலை என்றால், இழந்த பத்து நாளைப் பிறகு ஓட்டி ஈடுசெய்துவிடலாம்.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் கடினமானது. பழைய அடாப்டர் ஒன்றின் விலை என்ன? ஆறு வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

---

சூளைமேடு_மேலாளர்

சென்ற ஆண்டு சூளை செங்கல் வேலைக்காக நின்ற நாட்கள் தவிர முழுதும் ஓடியது, கிளிங்கர் வெளியிலும் விற்கப்பட்டது. ஆகவே இழப்பு உண்மையானதே. இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று உறுதி கூற முடியாது.

அடாப்டர் விலை எங்கள் கடைசி ஆர்டரில் அறுபதாயிரம் ரூபாய். ஆறு வாங்கினால் 3.6 லட்சம். மூன்றில் ஒன்று செத்தே வரும் என்று வைத்தாலும் நான்கு நல்லவை சேரும். ஆறு உதிரிகளோடு மூத்தவரின் கணக்கைப் போட்டால், 32 விழுக்காடு அரை விழுக்காடாகவும், 76 விழுக்காடு 11 ஆகவும் இறங்குகிறது. உண்மையைச் சொன்னால், இதை எழுதும்போது என் கடிதமே கையைவிட்டுப் போவதுபோல இருக்கிறது.

---

கருவியியல்_ஓய்வு

போகவில்லை. தவறான காரணம்தான் போயிருக்கிறது. அந்த ஆறையும் வாங்குங்கள், வந்த அன்றே மேசையில் ஒரு ரேக்கில் மாட்டி இரண்டு நாள் ஓட்டிச் சோதியுங்கள். இந்த மாற்றுவழியைக் கடிதத்தில் நீங்களே எழுதுங்கள், மற்றவர் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். உதிரி வாங்குவது மாற்றும் வேலைக்குப் பதிலாகாது, அவசரமில்லாமல் அந்த வேலையைச் செய்வதற்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் தரும்.

இப்போது வேறு மூன்று கேள்விகள். பிராசஸரின் பேட்டரி விளக்கு எரிகிறதா? நிரலைக் கடைசியாக எப்போது பதிவிறக்கி வைத்தீர்கள்? அந்த நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் உங்களிடம் எத்தனை பேர்?

---

சூளைமேடு_மேலாளர்

போய்ப் பார்த்தேன். ரா மில் பிராசஸரில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறது, எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. மின்சாரம் ஓடும்போதே பேட்டரியை மாற்றிவிட்டோம். மின்சாரம் போயிருந்தால் நிரல் அழிந்திருக்கும். கையில் இருந்த நகல் 2014-ஐச் சேர்ந்தது. அதற்குப் பின் செய்த திருத்தங்கள் அதில் இல்லை. நிரலைத் திறக்கும் மடிக்கணினி ஒன்றே ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது.

நிரலை முழுமையாக அறிந்தவர் ஒருவர். இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார். நேற்று அவரோடு உட்கார்ந்து கூலர் பகுதியைத் திரையில் பார்த்தேன். ஓரிடத்தில் எட்டு வினாடி டைமர் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. எதற்கு என்று கேட்டேன். டீப் பக்கெட் கன்வேயர் நின்ற பின்னும் கிளிங்கர் எட்டு வினாடி வழிந்துகொண்டே இருக்கும், உடனே கேட்டை மூடினால் சூட் அடைத்துக்கொள்ளும், 1998-இல் இரண்டு முறை அடைத்தபின் நானே போட்டேன் என்றார். இது அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது.

---

கருவியியல்_ஓய்வு

இதுதான் உங்கள் கடிதம், மேலாளர் அவர்களே.

மாற்றும் மென்பொருள் பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தரும். ஆனால் எங்கெல்லாம் அதற்குச் சந்தேகமோ, அங்கெல்லாம் `PCE` என்று குறித்து வைத்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். அதைவிட ஆபத்து, அது குறிக்காமல் விடுபவை. பிஎல்சி-5 ஒரு சுற்று நிரலை ஓட்டி முடிக்கும் வரை உள்ளீடுகளின் நகல் மாறாது. புதிய பிராசஸரில் உள்ளீடு நிரலின் நடுவிலேயே மாறலாம். ஒரே லிமிட் சுவிட்சை நிரலின் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் படித்து, இரண்டும் ஒன்றே என்று நம்பி எழுதிய இன்டர்லாக், பத்தாயிரம் தடவையில் ஒருமுறை தவறும். உள்ளீடுகளை முதலிலேயே ஒரு தனி இடத்தில் நகலெடுத்துவிட்டு, நிரல் அந்த நகலை மட்டுமே படிக்கும்படி எழுதினால் இது தீரும். ஆனால் எந்த இன்டர்லாக்குக்கு என்ன நோக்கம் என்று அருகில் இருந்து சொல்ல அந்த ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்போது நிரலை மாற்றுவது ஒரு விலை. அவர் போனபின் ஆயிரம் சமிக்ஞைகளையும் களத்தில் தேடித் தேடி மீண்டும் எழுதுவது வேறு விலை, அந்த விலையை எந்த ஒப்பந்ததாரரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

---

கணக்கு_அம்மாள்

இதை நான் படித்தால் கையெழுத்திடுவேன், ஏனென்றால் இதில் ஒரு தேதி இருக்கிறது. "விரைவில்" என்று எழுதும் கோரிக்கைகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது எளிது. "இந்த ஷட்டவுனைத் தவறவிட்டால் அவர் இருக்கும் காலத்தில் மிஞ்சுவது இன்னும் ஒரே ஷட்டவுன்" என்றால் தள்ள முடியாது. ஆனால் 3.2 கோடியை ஒன்றாகக் கேட்காதீர்கள்.

---

சூளைமேடு_மேலாளர்

திருத்திய வரைவு:

"மதிப்பிற்குரிய ஐயா,

சூளை, ரா மில் கட்டுப்படுத்திகள் முன்பைவிட அடிக்கடி பழுதாகின்றன என்று எங்கள் பதிவேட்டைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. உதிரி தீர்ந்த நிலையில் பழுது வந்தால் மீள்வதற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பதில் குறைந்தது பத்து நாட்கள் ஆகும் என்பதே மாறியுள்ளது. தற்போதைய இருப்பில், மூன்று ஆண்டுகளுக்குள் ரிமோட் அடாப்டர் தீர்ந்துபோகும் வாய்ப்பு 32 முதல் 76 விழுக்காடு. கடைசி நான்கு பழுதுகளில் இரண்டு பேனல் அறை வெப்பத்தால் வந்தவையாக இருக்கலாம் என்பதால் இந்த இடைவெளி. பயன்படுத்திய அடாப்டர் ஆறு வாங்க 3.6 லட்சம் ரூபாய்க்கு உடனடி ஒப்புதல் கோருகிறேன். இது அவ்வாய்ப்பை 11 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இறக்கும்.

உதிரிகளால் தீராதது ஒன்று உண்டு. நிரலின் நோக்கத்தை அறிந்த ஒரே பொறியாளர் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார். எனவே முதல் கட்டமாக, வரும் செங்கல் ஷட்டவுனில் ரா மில், நிலக்கரி மில் பகுதியை மாற்ற 1.1 கோடி ரூபாய் கேட்கிறேன். இதனால் ஆறு அடாப்டர்களும் ஒரு பிராசஸரும் கழன்று சூளைக்கு உதிரியாகும். சூளைக்கான கோரிக்கையை, முதல் கட்டத்தில் உண்மையில் ஆன செலவையும் நாட்களையும் இணைத்து, அடுத்த ஆண்டு சமர்ப்பிப்பேன்."

---

நீலக்கேபிள்

கடிதம் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மனிதரின் அறிவு அதிகம் தேவைப்படுவது சூளைக்கும் கூலருக்கும்தான். அந்த எட்டு வினாடி டைமரும் அங்கேதான் இருக்கிறது. அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் முதல் ஆண்டை ரா மில்லில் செலவிடுவது சரியா?

---

கருவியியல்_ஓய்வு

நியாயமான ஆட்சேபம். நான் ரா மில்லைத்தான் முதலில் எடுப்பேன். மாற்றும் குழுவின் முதல் தவறுகள் சூளையில் நடக்கக் கூடாது என்பது என் அனுபவம். ஆனால் அடுத்த ஆண்டு நிதி மறுக்கப்பட்டால் நீங்கள் சொன்னதே சரியாகிவிடும். குறைந்தபட்சம் இப்போதிருந்தே வாரம் ஒருநாள் அவரைத் திரைக்கு முன் உட்காரவைத்து, சூளை நிரலின் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுத வையுங்கள்.

---

சூளைமேடு_மேலாளர்

வியாழக்கிழமைகளில் மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், இரண்டு இளம் பொறியாளர்களும் உடன் உட்காருவார்கள். எந்தப் பகுதி முதலில் என்பதைக் கூட்டத்துக்கு முன் அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன். கூட்டம் 14-ஆம் தேதி. முடிவு எதுவானாலும் இங்கே எழுதுகிறேன்.